பெரிய மருத்துவமனைக்குப் போகும் நோயாளியும் உடன் போகும் தாளும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில் விபத்தில் சிக்கும் ஒரு தொழிலாளி அருகிலுள்ள சிறிய மருத்துவமனைக்குப் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் வந்துவிடுகிறார். ஆனால், அவருக்கு வேண்டிய அறுவை அரங்கும் இரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் செங்கல்பட்டிலோ காஞ்சிபுரத்திலோ சென்னையிலோ இருக்கின்றன. இந்த இரண்டு மருத்துவமனைகளுக்கும் இடையிலான பயணத்தில், தன் நிலையைத் தானே சொல்ல முடியாத நோயாளிக்காகப் பேசுவது அவருடன் அனுப்பப்படும் ஒரே ஒரு தாள்தான். அந்தத் தாளில் இன்றும் பல நேரங்களில் இடம்பெறுவது பெயர், வயது, ஓர் இரத்த அழுத்த அளவு, 'நிலை சீராக உள்ளது, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்' என்ற ஒரு வரி ஆகியவை மட்டுமே.

விபத்துச் சிகிச்சைக்கான பணத்தடை குறைந்துவரும் காலம் இது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசுச் செலவில் தருகிறது. 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம், சாலை விபத்துக்கு 7 நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய் வரம்பு வைத்திருக்கிறது. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவை ஊர்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஊர்தியும் பணமும் வந்துவிட்ட பிறகும் தகவல் மட்டும் பின்தங்கி நிற்பது ஏன் என்ற கேள்வி இப்போது எழுப்பப்பட வேண்டியதாகிறது.

'ஸ்டேபிள்' என்ற சொல் எதைச் சொல்கிறது?

பேச்சு வழக்கில் 'ஸ்டேபிளாக இருக்கிறார்' என்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்றே உறவினர் புரிந்துகொள்கின்றனர். சட்டம் அந்தச் சொல்லை வேறு பொருளில் ஆள்கிறது. 2010ஆம் ஆண்டின் ஒன்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டம், நோயாளியை நிலைப்படுத்துதல் என்பதை, இடமாற்றத்தின்போதோ அதன் விளைவாகவோ அவரது நிலை குறிப்பிடத்தக்க அளவில் மோசமாகாது என்று மருத்துவ நோக்கில் நியாயமாக எதிர்பார்க்கும் அளவுக்குச் சிகிச்சை தருவது என்று வரையறுக்கிறது. தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது மாநிலத்தின் தனிச்சட்டமான 1997ஆம் ஆண்டுச் சட்டமே என்றாலும், ஒன்றியச் சட்டத்தின் இந்த வரையறை சிந்தனைக்குத் தெளிவு தருகிறது.

அந்த வரையறையின்படி, நிலைத்தன்மை என்பது இந்த நிமிடத்தின் இரத்த அழுத்தத்தைப் பற்றிய கூற்றன்று. அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றிய முன்கணிப்பு. படுக்கையில் அசையாமல், கைக்கருகில் மருத்துவருடன் இருக்கும் ஒருவர், குலுங்கும் ஊர்தியில், ஓர் அவசர மருத்துவ உதவியாளரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட தொலைவைக் கடந்து போகும்வரை தாக்குப்பிடிப்பாரா என்பதே கேள்வி. எனவே, எந்த அடிப்படையில் அந்த முன்கணிப்பு செய்யப்பட்டது, எது நேர்ந்தால் அது பொய்த்துப்போகும் என்ற இரண்டையும் எழுதாமல் 'சீராக உள்ளது' என்று மட்டும் எழுதுவது, கணக்கைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதுவதைப் போன்றது.

ஓர் இரவு நேர விபத்தின் கணக்கு

இதை விளங்கிக்கொள்ள, இப்பகுதியில் எந்த இரவிலும் நேரக்கூடிய, கற்பனையாக அமைக்கப்பட்ட ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். ஒடிசாவிலிருந்து வந்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த முறையில் வேலை செய்யும் 28 வயது இளைஞர், இரவு 9.40 மணிக்குப் பின்னோக்கி வந்த ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் இரும்பு அடுக்குக்கும் இடையே சிக்கி, இடுப்பெலும்பு முறிந்த நிலையில், 10.10 மணிக்கு அருகிலுள்ள 30 படுக்கை மருத்துவமனைக்கு வருகிறார் என்று கொள்வோம். அங்கே இரத்த வங்கி இல்லை. இரவில் அறுவை மருத்துவரும் இல்லை.

வந்தபோது அவரது இரத்த அழுத்தம் 84/50. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 132. நினைவு தெளிவாக இருக்கிறது. பணியில் இருக்கும் மருத்துவர் இடுப்பைச் சுற்றிப் படுக்கை விரிப்பை இறுக்கிக் கட்டுகிறார். முறிந்த இடுப்பெலும்பு விரிந்து உள்ளே இரத்தம் தேங்குவதை அது ஓரளவு தடுக்கும். 10.20 மணிக்கு இரத்தக்கட்டியைக் கரையவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் செலுத்தப்படுகிறது. 1 லிட்டர் சலைன் வேகமாக ஏற்றப்படுகிறது. 10.40க்கு அழுத்தம் 108/70 ஆகவும், நாடி 110 ஆகவும் தேறுகின்றன. சலைனின் வேகம் குறைக்கப்படுகிறது. 11.00 மணிக்கு அழுத்தம் 94/60க்கு இறங்கி, நாடி 124க்கு ஏறுகிறது. மேலும் அரை லிட்டர் ஏற்றிய பின் 11.10க்கு அழுத்தம் 104/66, நாடி 116. ஊர்தி வாசலில் நிற்கிறது. 'அழுத்தம் 104/66, நிலை சீராக உள்ளது' என்று எழுதப்பட்டுத் தாள் உதவியாளரின் கையில் கொடுக்கப்படுகிறது.

அந்தத் தாளில் எழுதப்பட்ட எண் பொய்யன்று. ஆனால், அதைப் பெறும் மருத்துவர் அறிய வேண்டிய முதன்மையான செய்தி அதில் இல்லை. திரவம் கொடுத்தால் தேறி, குறைத்தால் சரியும் நோயாளியை மருத்துவ உலகம் தற்காலிகமாகத் தேறுபவர் என்று தனியாக வகைப்படுத்துகிறது. உள்ளே இரத்தக்கசிவு நிற்கவில்லை என்பதே அதன் பொருள். 104 என்ற எண் அவரது உடலின் வலிமையைக் காட்டவில்லை; உள்ளே போன ஒன்றரை லிட்டர் சலைனின் தற்காலிக விளைவைக் காட்டுகிறது. அந்தச் சலைன் இரத்தத்தை நீர்க்கச் செய்து உறையும் திறனையும் குறைத்திருக்கும் என்பதால், அடுத்த சரிவு முந்தையதைவிட ஆழமாக இருக்க வாய்ப்புண்டு.

இதை உணர மருத்துவப் பட்டம்கூட வேண்டியதில்லை. ஓர் எளிய ஒப்பீடு போதும். நலமாக உள்ள ஒருவருக்கு நாடித்துடிப்பின் எண், இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிட நன்றாகக் குறைந்திருக்கும். நாடி 75 என்றால் மேல் அழுத்தம் 120 அளவில் இருக்கும். அடிபட்ட ஒருவருக்கு நாடியின் எண் மேல் அழுத்தத்தை எட்டிவிட்டாலோ கடந்துவிட்டாலோ இரத்த இழப்பு கடுமையானது என்று ஐயுற வேண்டும். மேலே சொன்ன நான்கு அளவீடுகளில் ஒன்றிலும் நாடி மேல் அழுத்தத்துக்குக் கீழே வரவில்லை. 10.40 மணிக்குக் கிடைத்த மிகச் சிறந்த அளவிலும் 110க்கு 108. நான்கையும் அடுத்தடுத்து எழுதியிருந்தால், எந்தப் பயிற்சி மருத்துவரும் ஒரே பார்வையில் அபாயத்தைக் கண்டுகொள்வார். கடைசி எண்ணை மட்டும் எழுதியதால் அது மறைந்துபோனது.

விளைவு என்னவாகும்? 11.55 மணிக்குச் செங்கல்பட்டை அடையும்போது அழுத்தம் 70ஆக இறங்கியிருக்கலாம். சீராக உள்ளவர் வருகிறார் என்று எண்ணிய இடத்தில் ஓ வகை இரத்தம் எடுத்து வைக்கப்பட்டிருக்காது. அறுவை அரங்குக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரத்தம் பொருத்திப் பார்க்க மாதிரி எடுப்பதே அப்போதுதான் தொடங்கும். சிறிய மருத்துவமனையின் மருத்துவர் செய்த நல்ல சிகிச்சையின் பயன், அவர் எழுதிய ஒரு வரியால் கரைந்துவிடும்.

அதே இரவு, வேறு தாள்

அதே மருத்துவர், ஐந்து நிமிடத்தில், பின்வருமாறு எழுதியிருக்க முடியும்:

> விபத்து இரவு 9.40, ஃபோர்க்லிஃப்ட் நசுக்கல், இடுப்பெலும்பு முறிவு, உள்ளே இரத்தக்கசிவு தொடர்கிறது என்று கருதப்படுகிறது. 10.10: 84/50, நாடி 132. 10.40, ஒரு லிட்டர் சலைனுக்குப் பின்: 108/70, நாடி 110. 11.00, சலைனைக் குறைத்ததும்: 94/60, நாடி 124. 11.10, மேலும் அரை லிட்டருக்குப் பின்: 104/66, நாடி 116. நினைவு முழுமை. இடுப்புக் கட்டு 10.15 முதல், அவிழ்க்க வேண்டாம். டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் 10.20க்கு, இரண்டாம் அளவு தரவில்லை. இரத்தம் ஏற்றவில்லை. முழுமையாக நிலைப்படுத்த இங்கு இயலாது. தாமதித்தால் ஆபத்து என்பதால் அனுப்பப்படுகிறார். வழியில் மேல் அழுத்தம் 80க்குக் கீழ் போனாலோ குழப்பமாகப் பேசினாலோ 250 மில்லி சலைன் ஏற்றி, பெறும் மருத்துவமனையை அழைக்கவும். ஓ வகை இரத்தமும் அறுவை அரங்கும் தயாராக வைக்கக் கோரப்பட்டது, 11.05க்குத் தொலைபேசியில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதில் ஒரு வரி தனிக் கவனம் பெற வேண்டும்: 'முழுமையாக நிலைப்படுத்த இங்கு இயலாது.' நிலைப்படுத்திய பிறகே அனுப்ப வேண்டும் என்ற விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டால், உள்ளே இரத்தம் கசியும் நோயாளிக்குச் சலைன் ஏற்றியே நேரத்தைக் கடத்தும் தவறு நேர்கிறது. அவரை நிலைப்படுத்தும் சிகிச்சையே கசிவை நிறுத்தும் அறுவைதான்; அது அடுத்த மருத்துவமனையில் இருக்கிறது. அத்தகைய நோயாளிக்குச் செய்ய வேண்டியவை மூச்சுவழியைக் காப்பது, கட்ட முடிந்ததைக் கட்டுவது, மருந்தைத் தருவது, அனுப்புவது ஆகியவை மட்டுமே. முடிவு தெரிந்தாலும் அங்கே எதுவும் செய்ய இயலாத சி.டி. ஸ்கேனுக்காக நாற்பது நிமிடம் காத்திருப்பது பல சிறிய மருத்துவமனைகளில் பழக்கமாகிவிட்ட தவறு. படிவத்தில் 'சீராக உள்ளது' என்ற ஒரே கட்டம் மட்டும் இருந்தால் மருத்துவர் அதில் குறியிடவே தூண்டப்படுகிறார். 'சீராக இல்லை, ஆயினும் உடனே அனுப்புவதே நன்மை' என்ற கட்டமும் இருந்தால் உண்மையை எழுதும் துணிவு அவருக்கு வரும்.

மருந்து கொடுத்த நேரம் எழுதப்படுவது எத்தனை இன்றியமையாதது என்பதற்கு டிரானெக்சாமிக் அமிலமே சான்று. இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்ற, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கிய கிராஷ்-2 என்ற ஆய்வு 2010இல் வெளியானது. விபத்து நடந்து 3 மணி நேரத்துக்குள் தொடங்கினால் இந்த மருந்து உயிரிழப்பைக் குறைக்கிறது என்றும், அதற்குப் பின் தொடங்கினால் பயனில்லாததுடன் தீங்காகவும் முடியலாம் என்றும் அந்த ஆய்வின் தரவுகள் காட்டின. விபத்து நேரமும் முதல் அளவு தந்த நேரமும் எழுதப்படாத நோயாளிக்கு, பெறும் மருத்துவர் முதல் அளவை மீண்டும் தருவதா, 8 மணி நேரத்தில் செலுத்த வேண்டிய இரண்டாம் அளவைத் தொடங்குவதா, எதையும் தராமல் விடுவதா என்று ஊகிக்க நேரிடுகிறது.

தலையில் அடிபட்டவரின் தாள்

ஷிப்ட் மாறும் வேளையில் சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் விழும் இருசக்கர வாகன ஓட்டிக்குப் படிவம் வேறொரு செய்தியைச் சொல்ல வேண்டும். தலைக்காயத்தில் மருத்துவர் முதலில் அளப்பது நினைவின் நிலை. கண் திறத்தல், பேச்சு, கை கால் அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தந்து, 15ஐ முழுமையாகவும் 3ஐ மிகக் கீழாகவும் கொள்ளும் கிளாஸ்கோ அளவுகோல் எங்கும் வழக்கிலுள்ளது. மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் சேர்ப்பர். அதற்கு மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் தருவர்.

அந்த நிமிடத்திலிருந்து நோயாளி பேசமாட்டார், கை அசைக்கமாட்டார். பெறும் மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவர் பார்க்கும்போது, மதிப்பெண் குறைந்திருப்பது மூளைக்குள் இரத்தம் தேங்கியதாலா, கொடுத்த மருந்தினாலா என்று பிரித்தறிய வழியில்லை. மருந்து தருவதற்கு முன் மதிப்பெண் எவ்வளவு, மூன்று பிரிவுகளில் தனித்தனியே எவ்வளவு, இரு கண்மணிகளும் ஒரே அளவா, ஒளிக்குச் சுருங்கினவா, இரு பக்கக் கை கால்களும் அசைந்தனவா, எந்த மருந்து எத்தனை மணிக்குத் தரப்பட்டது என்பவற்றை முதல் மருத்துவர் எழுதியிருந்தால் மட்டுமே அடுத்தவரால் முடிவெடுக்க முடியும். இந்த ஒரு சோதனையைப் பிறகு எவராலும் திரும்பச் செய்ய முடியாது. எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், கடந்துபோன அந்த நிமிடத்தை எடுக்க முடியாது.

பயணத்தில் அழுத்தமும் ஆக்சிஜனும் சரிந்ததா என்பதும் தலைக்காயத்தில் தனிச்செய்தி. அடிபட்ட மூளை, மேல் அழுத்தம் 90க்குக் கீழ் ஒருமுறை இறங்கினாலே பெரிய கேட்டை அடைகிறது என்பது 1990களிலிருந்து அறியப்பட்ட உண்மை. ஆகவே, ஊர்தியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுத இடமில்லாத படிவம் பாதிப் படிவமே.

சிலிண்டரின் கணக்கு

வழியில் நேரும் கேடுகளுள் முழுவதும் தவிர்க்கக்கூடியது ஆக்சிஜன் தீர்ந்துபோவது. ஊர்திகளில் வைக்கப்படும் பி வகை சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது சுமார் 1500 லிட்டர் கொள்ளும். முகமூடி வழியே நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம் வரும். அளவுமானி பாதியைக் காட்டினால் 75 நிமிடம்தான். ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டு நள்ளிரவில் அரைமணிக்குச் சற்று மேல் ஆகலாம். மாலையில் தொழிற்சாலைப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் வரிசை கட்டும்போது எவ்வளவு ஆகும் என்பதை அவ்வழியே போய்வருவோர் அறிவர். எதிர்பார்க்கும் பயண நேரத்தைப் போல் இருமடங்குக்கு ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பதே பொதுவான எச்சரிக்கை விதி. படிவத்தில் 'புறப்படும்போது சிலிண்டர் அளவு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம் வரும்' என்ற மூன்று கட்டங்கள் இருந்தால், அவற்றை நிரப்பும் கை அந்த வகுத்தல் கணக்கைச் செய்தே தீரும்.

சொட்டு மருந்துக்கும் இதே விதிதான். அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்தை 'மணிக்கு 5 மில்லி' என்று மட்டும் எழுதி அனுப்புவது போதாது. ஒரு மருத்துவமனை 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலக்கும். இன்னொன்று 8 கலக்கும். சிரிஞ்சை மாற்றிவிட்டு அதே 5 மில்லியைத் தொடர்ந்தால் நோயாளிக்குப் போவது இருமடங்கு மருந்து.

ஒப்புதல் இல்லாத பயணம்

1992 ஜூலை 8 மாலை, மேற்கு வங்கத்தின் மதுராப்பூர் நிலையத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் கடுமையாக அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, ஆரம்ப சுகாதார நிலையம் மேலிடத்துக்கு அனுப்பியது. நள்ளிரவு நெருங்கும் வேளையில் கொல்கத்தாவின் ஓர் அரசு மருத்துவமனைக்கு வந்த அவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்ற பதில்களுடன் ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. மறுநாள் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து, ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவிட்டு அவர் பிழைத்தார். 1996 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் இதை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்கு நேர்ந்த மீறல் என்று கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. எங்கே படுக்கை உள்ளது என்று முன்கூட்டியே அறிந்து அங்கேயே அனுப்பும் மையப்படுத்தப்பட்ட தகவல்தொடர்பு அமைப்பு வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

போகும் இடத்தில் படுக்கை உண்டா என்று உறுதிசெய்யாமல் அந்தத் தொழிலாளியை அனுப்பியதே அந்த இரவின் அடிப்படைப் பிழை. அமெரிக்காவில் 1986இல் இயற்றப்பட்ட அவசரச் சிகிச்சைச் சட்டம் அத்தகைய முன்னுறுதியை விதியாகவே ஆக்கியது: பெறும் மருத்துவமனை இடம் உண்டென்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், ஆவணங்கள் உடன் செல்ல வேண்டும், தகுதியான ஆளும் கருவியும் ஊர்தியில் இருக்க வேண்டும், நிலைப்படாத நோயாளியை அனுப்புவதன் நன்மை ஆபத்தைவிட மிகுதி என்று மருத்துவர் கையொப்பமிட வேண்டும். இந்நான்கும் ஒரே தாளில் அடங்கக்கூடியவை.

தமிழ்நாட்டில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்துக் கவனிக்கும் அவசரப் பிரிவுகள் அமைக்கப்பட்டிருப்பது பெரிய முன்னேற்றம். ஆனால், இத்தொழிற்பகுதியில் முதலில் நோயாளியைப் பார்ப்பவை பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் இயங்கும் மருத்துவ மையங்களும் சிறு தனியார் மருத்துவமனைகளும். பெறுவதோ அரசு மருத்துவக் கல்லூரி. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு, ஒரகடம் காஞ்சிபுரத்திலும், அதற்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டிலும் நிற்கின்றன. நிர்வாக எல்லையைத் தாண்டும் ஒவ்வோர் இடத்திலும் தாள் மாறுகிறது. ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி எழுதுகிறது.

இங்கே வேறொரு தீய வழக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தன்னிடம் வசதி இல்லாததால் மருத்துவமனையே அனுப்பும் நோயாளியின் உறவினரிடம், 'மருத்துவர் அறிவுரைக்கு மாறாக எங்கள் விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்' என்று கையெழுத்து வாங்குவது சில இடங்களில் நடக்கிறது. அந்தக் கையெழுத்துடன் போகும் நோயாளிக்கு முன்னழைப்பும் இல்லை, சுருக்கமும் இல்லை. அடுத்த மருத்துவமனையின் கண்ணில் அவர் தாமாக வந்தவராகிறார். ஒடியாவோ இந்தியோ மட்டும் அறிந்த உடன்பணியாளர், ஆங்கிலத்தில் அச்சிட்ட அத்தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்திடுகிறார். காவல்துறைக்கான விபத்துப் பதிவான 'ஏ.ஆர். காப்பி' எழுதி முடியவில்லை என்று ஊர்தியை நிறுத்திவைப்பதும் சரியன்று. உயிரைக் காக்கும் கடமைக்குச் சட்ட நடைமுறைகள் குறுக்கே வரலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் கூறிவிட்டது. பதிவு எண்ணைத் தாளில் குறித்தால் போதும். நகல் பின்னால் வரலாம்.

செய்யக்கூடியவை

காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய இரு மாவட்டங்களின் சுகாதாரத் துறையும் இணைந்து, இத்தொழிற்பகுதியின் அரசு, தனியார் மருத்துவமனைகளும் தொழிற்சாலை மருத்துவ மையங்களும் 108 ஊர்திகளும் பயன்படுத்த, ஒரே தாளில் இருபக்கமும் அச்சிட்ட பொதுப் படிவத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று படிகள் போதும்: ஒன்று அனுப்பும் இடத்தில், ஒன்று ஊர்தியில், ஒன்று பெறும் இடத்தில். முன்பக்கத்தின் நடுவில், நேரத்துடன் கூடிய குறைந்தது மூன்று அளவீடுகளும், அவற்றின் இடையே தரப்பட்ட சிகிச்சையும் எழுதும் அட்டவணை இருக்க வேண்டும். ஒற்றை எண்ணை எழுத அதில் இடமே இருக்கலாகாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் பிடிக்கும் படிவம் நெருக்கடியில் நிரப்பப்படாது என்பதால், முழு நோய் வரலாற்றையும் அதில் திணிக்கும் ஆசையைக் கைவிட வேண்டும்.

படிவத்தின் தலைப்பகுதியைத் தொழிற்சாலையின் மருத்துவ மையமே நிரப்பித் தொடங்கலாம். விபத்து எத்தனை மணிக்கு நடந்தது, எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார், எந்த இயந்திரம் அல்லது எந்த வேதிப்பொருள் என்பவை அங்கே இருப்பவர்களுக்கு மட்டுமே உறுதியாகத் தெரியும். விபத்து நடந்தது சாலையிலா, ஆலைக்குள்ளா என்பதையும் அங்கேயே குறித்துவிட்டால், சாலை விபத்துத் திட்டத்தில் வருபவரா, தொழிலாளர் காப்பீட்டில் வருபவரா என்ற குழப்பம் சேர்க்கை மேசையில் எழாது. தொழிலாளியின் தாய்மொழியும், அம்மொழி பேசும் ஒருவரின் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டால், ஒவ்வாமையையும் முந்தைய நோயையும் கேட்டறிய வழி கிடைக்கும்.

பெறும் மருத்துவமனைகளில் இடமாற்ற அழைப்புகளுக்கென இரவும் பகலும் எடுக்கப்படும் ஒரே தொலைபேசி எண்ணும், அதை எடுக்கும் பொறுப்பு மருத்துவரும் இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டவரின் பெயரும் நேரமும் படிவத்தில் பதியப்பட வேண்டும். படுக்கை இல்லை என்றால் வேறெங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வதும் அவர் பொறுப்பாக வேண்டும். படிவம் படுக்கையை உருவாக்காது என்பதால் இந்தப் பொறுப்பு எழுத்தில் இடம்பெறுவது இன்றியமையாதது.

மூன்றாவது படியின் அடியில் நான்கு வரி வெற்றிடம் விடப்பட வேண்டும். வந்து சேர்ந்த நேரம், அப்போதைய அழுத்தமும் நாடியும், செய்யப்பட்ட அறுவை, 24 மணி நேரத்துக்குப் பின் நோயாளியின் நிலை ஆகியவற்றை அதில் எழுதி, அனுப்பிய மருத்துவமனைக்குப் படம் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இன்று 30 படுக்கை மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவர், தாம் அனுப்பியவர் பிழைத்தாரா என்பதை அறிவதேயில்லை. 104/66 என்று எழுதி அனுப்பியவர் 70இல் போய்ச் சேர்ந்தார் என்ற செய்தி மறுநாள் காலை அவர் கைக்கு வந்தால், அடுத்த தாளை அவர் எழுதும் விதம் மாறும்.